ராத்திரியில் வந்து தானாகவே போகும் விதை வலி

"எனக்கு 19 வயது, ஹாஸ்டலில் இருக்கிறேன். மூன்று மாதமாக அவ்வப்போது தூக்கத்தில் இடது விதையில் பயங்கரமாக வலி வந்து எழுப்பிவிடுகிறது. கால் மணி, அரை மணி நேரத்தில் தானாகவே போய்விடும். ஒருமுறை வாந்தியும் வந்தது. காலையில் ஒன்றுமே இருக்காது. ஸ்கேன் எடுத்தேன், நார்மல் என்று வந்தது. இதை அப்படியே விட்டுவிடலாமா?"

விடக் கூடாது, தம்பி. இந்த வாரத்துக்குள் ஒரு யூராலஜி டாக்டரையோ ஜெனரல் சர்ஜனையோ நேரில் பாருங்கள். அதற்குள் அதே வலி இன்னொரு முறை வந்தால், எப்படியும் போய்விடும் என்று படுத்திருக்காமல் அப்போதே கிளம்பி கேஷுவாலிட்டிக்குப் போங்கள். போகிற வழியில் வலி நின்றுவிட்டாலும் திரும்பி வராதீர்கள்.

தொட்டுப் பார்க்காமல் இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும் எந்த சர்ஜனுக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: விதை முறுக்கிக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே பிரிந்துகொள்கிறது. கேஸ் ஷீட்டில் இதை இன்டர்மிட்டன்ட் டார்ஷன் என்று எழுதுவோம். வலி சுத்தமாக நின்றுவிடுகிறதே என்று நீங்கள் ஆறுதல் அடைகிறீர்கள். அப்படிச் சட்டென்று வந்து சட்டென்று நிற்பதால்தான் எங்களுக்கு இந்தச் சந்தேகமே வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். விதை, பைக்குள் ஒரு தண்டின் முனையில் தொங்குகிறது. ரத்தம் கொண்டுபோகும் தமனி, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள், விந்துக் குழாய், நரம்புகள் எல்லாம் அந்த ஒரே தண்டுக்குள்தான் இருக்கின்றன. விதையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வுறை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அந்த உறை விதையின் பின்பக்கத்தை மூடாது. பின்பக்கம் பையின் சுவரோடு ஒட்டியிருக்கும், அதனால் விதை அதிகம் திரும்ப முடியாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த உறை விதையை முழுக்கச் சுற்றிக்கொண்டு மேலே தண்டில் போய் ஒட்டியிருக்கும். அப்போது விதைக்கு எந்தப் பக்கமும் பிடிப்பில்லை. கோயில் மணிக்குள் தொங்கும் நாக்கு மாதிரி தாராளமாக ஆடும், திரும்பும். பிரேதப் பரிசோதனையில் பார்த்ததில் ஏறக்குறைய நூற்றில் 12 ஆண்களுக்கு இந்த அமைப்பு இருந்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முறுக்கம் வருகிறவர்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த அமைப்புதான் இருக்கிறது, அதுவும் அநேகமாக இரண்டு பக்கமும். இந்த இரண்டு பக்கக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் பற்றிச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

ஏன் ராத்திரியில்? தண்டைச் சுற்றி கிரிமாஸ்டர் என்று ஒரு தசை இருக்கிறது. குளிரில் விதையை மேலே இழுத்துக்கொள்வது அதுதான். அதன் நார்கள் தண்டின் மேல் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. அதனால் அது வேகமாகச் சுருங்கும்போது விதை மேலே ஏறுவதோடு கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஆண்களுக்குத் தானாகவே விறைப்பு ஏற்படுவது இயல்பு. அந்த நேரத்தில் இந்தத் தசையும் இறுகுகிறது. பிடிப்பே இல்லாத விதை அப்போது அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திரும்பிவிடுகிறது என்றுதான் இதை விளக்குகிறார்கள். ஃபுட்பால் ஆடினேன், அடி பட்டது, அதனால்தான் வலி என்று பலர் காரணம் தேடுவார்கள். அப்படியும் வரலாம். ஆனால் ஒன்றும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பும் வலிதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

தண்டு முறுக்கினால் முதலில் அடைபடுவது சிரை. அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. தமனி அதன் பிறகும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வருகிற ரத்தம் வெளியே போக வழியில்லாமல் விதை வீங்கும். வீக்கம் ஏற ஏற உள் அழுத்தமும் ஏறி, கடைசியில் தமனியும் நின்றுபோகும். அந்த நிமிடத்திலிருந்து விதைக்கு ரத்தமே இல்லை. வாந்தி வருவதற்கும் காரணம் உண்டு. கருவில் இருக்கும்போது விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. ஆனால் அதன் நரம்புத் தொடர்பு பழைய இடத்தோடுதான். அதனால்தான் சில பையன்கள் விதையைச் சொல்லாமல் அடிவயிறு வலிக்கிறது என்பார்கள். வெட்கம் பாதி, உண்மையிலேயே வலி அங்கே தெரிவது பாதி.

அரைச் சுற்று மாதிரி குறைவான முறுக்காக இருந்தால், தசை தளர்ந்ததும் விதை பழைய நிலைக்கு வந்துவிடும். ரத்தம் பாயும், வலி சட்டென்று நிற்கும். உங்களுக்கு இதுவரை நடந்தது இதுவாக இருக்கலாம். அடுத்த தடவையும் அரைச் சுற்றோடு நிற்குமா, இரண்டு சுற்றுக்குப் போகுமா என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. முழுமையாக முறுக்கிக்கொண்டு அவசரத்தில் வருகிறவர்களை உட்கார்த்தி நிதானமாகக் கேட்டால், மூன்றில் ஒருவராவது, சில ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேர், "முன்னாடியும் இப்படி வந்து போயிருக்கு டாக்டர்" என்கிறார்கள். இதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். முழு முறுக்கத்தில் நேரம் மிகக் குறைவு. வலி ஆரம்பித்து 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளுக்கு மேல் பிழைக்கும். 12 மணி நேரமானால் பாதிக்குப் பாதி. ஒரு நாள் தாண்டினால் பத்தில் ஒன்று மிஞ்சினால் அதிகம். இந்த 6 மணி நேரம் வலி தொடங்கியதிலிருந்து எண்ணுவது, ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததிலிருந்து இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு 15 வயது. சில மாதங்களில் மூன்று முறை ராத்திரி வலி. அம்மாவிடம் வயிற்று வலி என்றுதான் சொன்னான். வாந்தியும் இருந்ததால் பக்கத்து கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வலி போனது, ஆக மாத்திரை வேலை செய்தது என்று வீட்டில் முடிவு. யாரும் பேன்ட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை, அவனும் காட்டவில்லை. நான்காவது முறை வலி வந்தது அதிகாலை 2 மணிக்கு. முன்பு போன மாதிரி இதுவும் போய்விடும் என்று அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தான். 6 மணிக்கு நடக்க முடியவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது மணி 8. அங்கே இங்கே போய் எங்களிடம் வந்து, தியேட்டரில் திறக்கும்போது 11 ஆகியிருந்தது. தண்டு முழுதாக இரண்டு சுற்று முறுக்கியிருந்தது. விதை கத்தரிக்காய் நிறத்தைத் தாண்டிக் கருப்பாக இருந்தது.

முறுக்கைப் பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துக் காத்திருப்போம். ரத்தம் திரும்புகிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும். அவனுக்கு மாறவில்லை. மேல் உறையில் சின்னதாகக் கீறிப் பார்த்தோம். உயிருள்ள விதையாக இருந்தால் அங்கே செக்கச்செவேல் என்று ரத்தம் கசியும். எதுவும் வரவில்லை. அதை எடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தோம். அங்கேயும் அதே பிடிப்பில்லாத அமைப்பு. அதைத் தைத்து நிறுத்தினோம். ஒரு விதையோடு அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆண் ஹார்மோனுக்கும் பிள்ளை பெறுவதற்கும் பொதுவாக ஒன்று போதும். ஆனால் இரண்டாவது முறை வலி வந்தபோது யாராவது சரியான கேள்வியைக் கேட்டிருந்தால், பகலில் வந்து, திட்டமிட்ட ஒரு சின்ன ஆபரேஷனோடு இரண்டும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

அந்தச் சரியான கேள்விகள் என்ன? டாக்டர் உங்களிடம் கேட்பவற்றை இப்போதே யோசித்து வையுங்கள். வலி எப்படித் தொடங்குகிறது, மணி பார்த்துச் சொல்லும்படி திடீரென்றா, மெல்ல மெல்லவா? எப்படி முடிகிறது? ஒரே பக்கமா? அந்த நேரத்தில் விதை வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்ததா, தொட முடிந்ததா? வாந்தி வந்ததா? இரண்டு தடவைக்கு நடுவில் சுத்தமாக வலியே இல்லையா? இந்த விவரங்கள்தான் நோயைச் சொல்லும்.

மற்ற காரணங்களின் வலி வேறு மாதிரி இருக்கும். வெரிகோசீல், அதாவது விதைக்கு மேலே சிரைகள் புடைத்துக்கொள்வது என்றால், நின்று நின்று சாயங்காலம் ஒரு மந்தமான இழுப்பு. படுத்தால் குறையும், தூக்கத்தை எழுப்பாது. கிருமித் தொற்று என்றால் ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக ஏறும், சிறுநீர் போகும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருக்கலாம். அரை மணி நேரத்தில் மாயமாக மறையாது. சிறுநீரகக் கல் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதுவும் ராத்திரி எழுப்பும், வாந்தி எடுக்க வைக்கும், விதை வரைக்கும் இறங்கும். ஆனால் அது விலாவிலிருந்து தொடங்கும், விதையை அழுத்தினால் பெரும்பாலும் வலிக்காது. விதையின் மேல் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சதை முறுக்கிக்கொள்வதும் உண்டு, அது உங்களைவிடச் சின்னப் பையன்களுக்கு அதிகம்.

பரிசோதனையில் உங்களை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கவைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான அடையாளம் தவறிவிடும். சாதாரணமாக விதை செங்குத்தாக, நீள்வாக்கில் தொங்கும். பிடிப்பில்லாத விதை நிற்கும்போது படுக்கைவாட்டில் கிடக்கும். வலி இல்லாத நாளில் கையில் கிடைக்கும் ஒரே தடயம் பல நேரம் இதுதான். இது இல்லாவிட்டாலும் முறுக்கம் இல்லை என்று ஆகாது.

இப்போது உங்கள் ஸ்கேனுக்கு வருவோம். டாப்ளர் ஸ்கேன் அந்த நேரத்தில் விதைக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டுகிறது. நீங்கள் எடுத்தது வலியில்லாத ஒரு பகலில். முறுக்கு பிரிந்திருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, ரிப்போர்ட் நார்மல். ரேடியாலஜி டாக்டர் சொன்னது தப்பில்லை. அன்றைக்கு அந்த மணி நேரத்தில் விதை நன்றாக இருந்தது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். கட்டி போன்ற வேறு கோளாறு இல்லை என்று தெரிந்த வரைக்கும் அந்த ஸ்கேன் உபயோகம்தான்.

இன்னொரு வலை இருக்கிறது. முறுக்கு பிரிந்த கொஞ்ச நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால், பட்டினி கிடந்த விதைக்குள் ரத்தம் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்வது தெரியும். கிருமித் தொற்றிலும் ஸ்கேன் அப்படித்தான் இருக்கும். அதனால் 'எபிடிடிமோ ஆர்க்கைட்டிஸ்' என்று ரிப்போர்ட் வந்து, பத்து நாள் ஆன்டிபயாட்டிக்கோடு வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் எங்காவது இருந்தால், ஸ்கேன் எடுத்தது வலி நின்று எத்தனை மணி நேரம் கழித்து என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்து, காய்ச்சலும் இல்லாமல், அரை மணியில் நின்றுபோன வலிக்குத் தொற்று என்று பெயர் வைப்பது பொருந்தாது.

ஆக, இந்த நோயை உறுதிப்படுத்துவது பெரும்பாலும் உங்கள் வாய்மொழிதான். சொல்வது அவ்வளவு தெளிவாகப் பொருந்தினால், ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் ஆபரேஷன் செய்யலாம் என்றுதான் சர்ஜன்கள் ஆலோசனை சொல்வார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. இறுக்கமான உள்ளாடை போடுவதும் தடுக்காது.

ஆபரேஷனுக்கு ஆர்க்கிடோபெக்ஸி என்று பெயர். முழு மயக்கத்திலோ, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோ செய்வார்கள். விதைப்பையின் நடுக்கோட்டில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு. விதையை வெளியே எடுத்து, அந்த உறையின் அமைப்பைப் பார்த்து, கரையாத மெல்லிய நூலால் பையின் உள்சுவரோடு மூன்று இடத்தில் தைத்து நிறுத்துவார்கள். சிலர் தைப்பதற்குப் பதில் தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி இடம் செய்து அதில் அமர்த்துவார்கள். வலி இடது பக்கம்தானே, வலதை ஏன் தொட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். முன்னே சொன்ன கணக்குதான்: அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், அதனால் ஒரே வெட்டில் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும், பையைத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போடச் சொல்வார்கள். சில வாரம் பைக், சைக்கிள், விளையாட்டு வேண்டாம். ரத்தம் கட்டிக்கொள்வது, காயத்தில் சீழ் பிடிப்பது எப்போதாவது நடக்கும். விறைப்புக்கோ உடலுறவுக்கோ இதனால் பாதிப்பில்லை. தைப்பது அந்த நரம்புகள் போகிற இடமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த ராத்திரி வலி இதோடு நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால் பெரும்பாலும் அது முறுக்கத்தால் வந்த வலி இல்லை, வேறு காரணம் தேட வேண்டும் என்று அப்போது புரியும். ஆபரேஷனுக்குப் பிறகும் வெகு அபூர்வமாக மறுபடி முறுக்கிக்கொண்டதுண்டு. அதனால் வருஷங்கள் கழித்து அதே திடீர் வலி வந்தாலும் 'எனக்குத்தான் தைத்தாச்சே' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

சர்ஜனைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு ராத்திரி வலி வந்தால்? முதலில் மணி பார்த்துக்கொள்ளுங்கள். ரூம் மேட்டை எழுப்புங்கள், வார்டனிடம் வயிற்று வலி என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108. தண்ணீர் உட்பட எதையும் சாப்பிடாதீர்கள், மயக்க மருந்து கொடுப்பதற்கு வெறும் வயிறு நல்லது. கிளினிக், லேப் என்று அலையாமல், ராத்திரியில் சர்ஜனும் தியேட்டரும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அந்தக் கவலை இல்லை. கேஷுவாலிட்டி டூட்டி டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இடது விதையில் 2 மணிக்குத் திடீரென்று வலி ஆரம்பித்தது. மூன்று மாதமாக இப்படி வந்து போகிறது. டார்ஷனாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது." கடைசி வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சர்ஜனுக்கு போன் போக அதுவே போதும். அவர் தொட்டுப் பார்த்துச் சந்தேகம் உறுதியானால், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராகத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாம், அதற்குச் சம்மதியுங்கள். உங்களுக்கு 18 தாண்டிவிட்டது, கையெழுத்து நீங்களே போடலாம், ஊரிலிருந்து அப்பா வரும்வரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களே திருப்பிப் பார்க்காதீர்கள். பொதுவாக விதை உள்பக்கமாகத்தான் முறுக்கும், வெளிப்பக்கமாகத் திருப்பினால் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது எதிர்த்திசையில் முறுக்கியிருக்கும், நீங்கள் இன்னும் இறுக்கிவிடுவீர்கள். தியேட்டர் தயாராகும் வரை சர்ஜன் கையால் திருப்பிப் பார்ப்பதுண்டு. வலி குறைந்தாலும் பாதி முறுக்கு மிச்சம் இருக்கலாம் என்பதால் அவரும் அதன் பிறகு திறந்து பார்த்துத் தைக்காமல் விடமாட்டார்.

சர்ஜனைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். ஞாபகம் இருக்கிற தேதிகள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தத் தடவை வாந்தி வந்தது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஓபி கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை அந்தத் தாள் சொல்லிவிடும்.